இரண்டாவது அழைப்பு

நியூயார்க் எழுத்தாளர் பால் ஆஸ்டருக்கு ஒருநாள் ஒரு போன் வந்தது. பேசியவர், பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனமா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி ஆஸ்டர் வைத்துவிட்டார். மறுநாளும் அதே ஆள், அதே கேள்வி. அன்றும் இல்லை என்றே சொல்லி வைத்தார். வைத்த பிறகுதான் மனசு அரித்தது: ஆமாம் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்றாவது தடவை வரட்டும் என்று காத்திருந்தார். வரவே இல்லை. வராமல்போன அந்த அழைப்பிலிருந்து முளைத்ததுதான் 1985-ல் வெளியான அவருடைய ‘சிட்டி ஆஃப் கிளாஸ்’ நாவல்.

ராங் நம்பரில் தொடங்கி நெடுநாள் நட்பாக வளரும் கதையை எழுதிப் பார்க்காத ஆரம்ப எழுத்தாளர் குறைவு. தனிமையில் இருக்கும் இரண்டு பேர், தவறி வந்த ஒரு ‘ஹலோ’. பாதிப் பக்கம் தானாக ஓடிவிடும். அதற்கப்புறம் கதை படுத்துக்கொள்ளும். காரணம், எழுதுகிறவர் முதல் அழைப்பில் மயங்கிவிடுகிறார். முதல் அழைப்பு வெறும் விபத்து. யாருக்கும் நடக்கும், அதில் கதை கிடையாது. தப்பு என்று தெரிந்த பிறகும் அதே எண்ணைச் சுற்றுகிறாரே ஒருவர், அந்த இரண்டாவது அழைப்பில்தான் கதை இருக்கிறது. யார் கூப்பிடுகிறார், என்ன சாக்குச் சொல்லிக் கூப்பிடுகிறார் என்ற இரண்டுக்கும் வாசகர் நம்பும்படி பதில் வைத்துவிட்டால் மிச்சக் கதை தன்னால் நடக்கும்.

அதற்கு முதலில் அந்தத் தப்பு எப்படி நேர்ந்தது என்பது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய சுழற்றும் போனில் ஏழைச் சுற்றினால் ஏழு மின்துடிப்பு எக்ஸ்சேஞ்சுக்குப் போகும், சுழியத்துக்குப் பத்து. விரல் அந்த நிறுத்தக் கம்பியை முட்டுவதற்கு முன்னால் நழுவினால் டயல் சீக்கிரம் திரும்பிவிடும்; ஏழு ஆறாகிவிடும். பட்டன் போன் வந்தபோது தப்பின் குணமும் மாறியது. பக்கத்துப் பொத்தானில் விரல் பட்டது, இரண்டு எண்கள் இடம் மாறியது என்று ஆனது. டைரியில் எழுதிவைத்த 1-ஐ 7 என்று படிப்பது மட்டும் இரண்டு காலத்துக்கும் பொது.

இதெல்லாம் எதற்கு என்றால், தப்பு நடந்த விதம்தான் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள தூரத்தைத் தீர்மானிக்கிறது. லேண்ட்லைனில் உள்ளூர் அழைப்பின் கடைசி எண் தவறினால் அது அதே ஊரில் இன்னொரு வீட்டில்தான் அடிக்கும். அதாவது அந்த இரண்டு பேரும் ஒரே மார்க்கெட்டில் காய் வாங்குகிறவர்கள், ஒரே கோயில் தேரை வேறு வேறு முனையில் நின்று பார்த்தவர்கள். செல்போனில் ஓர் எண் தவறினால் மறுமுனை எந்த ஊராகவும் இருக்கலாம், பேசுகிறவருக்குத் தமிழே தெரியாமலும் போகலாம். முதல் கதையில் ‘நடந்துபோய்ப் பார்க்கும் தூரத்தில் இருந்தும் ஏன் பார்த்துக்கொள்ளவில்லை’ என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். இரண்டாவது கதைக்கு அந்தத் தலைவலி இல்லை. அதனாலேயே அதில் சுவையும் கொஞ்சம் குறைவு என்பது என் எண்ணம்.

காலத்தையும் பார்க்க வேண்டும். 1995-ல் இந்தியாவுக்குச் செல்போன் வந்தது. வந்த புதிதில் கூப்பிடுகிறவர் மட்டுமல்ல, எடுத்துப் பேசுகிறவரும் நிமிடத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். 2003-ல்தான் வரும் அழைப்புகள் இலவசமாயின. ஆகவே 1998-ல் இரண்டு தனிமைக்காரர்கள் செல்போன் ராங் காலில் மணிக்கணக்கில் பேசினார்கள் என்று எழுதினால், அந்தக் காலத்து பில்லைக் கட்டியவர்கள் முதல் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம். காலம் 1998. ஊர், டெல்டா பக்கம் ஒரு நடுத்தர ஊர். கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற ராஜமாணிக்கம் தனியாக இருக்கிறார். அவருடைய எண் 6-ல் முடிகிறது. ஊர் கேஸ் ஏஜென்சியின் எண் அதேதான், ஆனால் 7-ல் முடிகிறது. அதனால் வாரத்துக்கு நாலைந்து பேர் அவரிடம் சிலிண்டர் கேட்கிறார்கள். ராங் நம்பர் அவருக்குப் புதிதில்லை என்று இப்படி முதலிலேயே வைத்துவிட்டால், ஒரேயொரு அதிசய அழைப்பைச் செயற்கையாகத் தூக்கிப்பிடிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது.

கூப்பிடுகிறவர் சிவகாமி. வயது ஐம்பத்திநாலு. அவர் தனியாள் இல்லை, வீட்டில் ஏழு பேர். எல்லாரும் அவரிடம் பேசுகிறார்கள்: காப்பி எங்கே, சட்டை எங்கே, சிலிண்டர் சொன்னாயா. தனிமையைக் காட்ட ஒருவரைக் காலி வீட்டில் உட்காரவைப்பது எல்லாரும் செய்வது. இரண்டு பேரையும் ஒரே மாதிரித் தனிமையில் வைத்தால் ஒருவர் மற்றவரின் நிழலாகிவிடுவார். ஒருவருக்கு வீடு காலி, மற்றவருக்கு வீடு நிறைந்திருக்கிறது என்று வைத்தால் பேச்சுக்கு விஷயம் கிடைக்கும். இருபது இருபத்தைந்து நாளைக்கு ஒரு சிலிண்டர் தீருகிற வீடு என்பதால் அவர் போன் செய்யக் காரணமும் தயார்.

காலை பதினொரு மணி. எல்லாரும் வெளியே போயிருக்கிறார்கள்.

“ஹலோ, கேஸ் கம்பெனிங்களா?”

“இல்லம்மா, இது வீடு.”

“ஐயோ, மன்னிச்சுக்குங்க சார். ஏழுதான் சுத்தினேன்.”

“கடைசி ஏழுங்களா? விரல் அந்தக் கம்பியில முட்டுற வரைக்கும் கொண்டுபோய் விடுங்கம்மா. நடுவுல விட்டா எனக்குத்தான் வரும்.”

இத்தோடு முதல் அழைப்பு முடிய வேண்டும். இதற்கு மேல் ஒரு வரி கூடினாலும் கெட்டுப்போகும். ‘உங்க குரல் நல்லா இருக்கே’ என்று அவரைச் சொல்லவைத்தால் அவர் வழிசல் பேர்வழி ஆகிவிடுவார். சிவகாமி மறுபடி கூப்பிட மாட்டார், கூப்பிடவும் கூடாது. ராஜமாணிக்கம் செய்தது ஓர் உதவி, அதுவும் திருத்தமான, கணக்கர் செய்கிற மாதிரியான உதவி.

நாலாம் நாள் மறுபடி போன் அடிக்கிறது.

“சார், கேஸ் கம்பெனி இல்லைன்னு தெரியும். சிலிண்டர் வந்துருச்சு. அதைச் சொல்லலாம்னு…”

இந்த வாக்கியத்தை சிவகாமி முடிக்கக் கூடாது. முடிக்க அவரிடம் எதுவும் இல்லை. சாக்கு எவ்வளவு நொண்டியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது; பேச ஆள் வேண்டும் என்பது அந்த நொண்டலில்தான் தெரிகிறது. இப்போது பந்து ராஜமாணிக்கத்தின் கையில். ‘அப்படியா, சந்தோஷம்’ என்று அவர் சொன்னால் கதை முடிந்தது. ‘நீங்க யாரு, எந்தத் தெரு’ என்று கேட்டாலும் முடிந்தது. அவர் கேட்பது இது: “புக் பண்ணி எத்தனை நாள்ல வந்துச்சும்மா?” பதில் சொல்ல முடிகிற கேள்வி, அந்தரங்கத்தைத் தொடாத கேள்வி. சிவகாமி நாளைச் சொல்கிறார், சிலிண்டர் கொண்டுவந்த பையன் படியில் உருட்டியதைச் சொல்கிறார், சீல் சரியாக இருந்ததா என்று அவர் கேட்கிறார். மூன்று நிமிடம் ஆகிவிட்டது.

இந்த இடத்தில் லேண்ட்லைன் ஒரு வசதி செய்து கொடுக்கிறது. அன்றைக்குச் சாதாரண வீட்டுப் போனில் கூப்பிடுகிறவர் எண் தெரியாது. ஆகவே சிவகாமிக்கு அவர் எண் தெரியும், அவருக்கு இவர் எண் தெரியாது. சிவகாமி கூப்பிடலாம், அவர் காத்திருக்கத்தான் முடியும். பதினொரு மணிக்கு வெளியே போகிற வேலைகளை அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிவைக்கத் தொடங்குகிறார்: பென்ஷன் வேலைக்கு ஒன்பதரைக்கே பாங்கு, லைப்ரரி சாயந்திரம். ‘அவர் அந்த அழைப்புக்காக ஏங்கினார்’ என்று எழுதவே வேண்டாம். எண்ணைக் கேட்கலாமே என்றால், சின்ன ஊரில் ஓர் ஆண் முகம் தெரியாத பெண்ணிடம் போன் நம்பர் கேட்பது லேசான காரியமில்லை. ஒரே ஊரில் இருந்தும் ஏன் சந்திக்கவில்லை என்ற முந்தைய கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. போனில் அவர் ‘சார்’. தெருவில் வைத்துப் பேசினால் ‘யார் அந்த ஆள்’ ஆகிவிடுவார்.

கதையின் நெருக்கடியையும் போனே தரும். ஐப்பசி மழையில் அவர் தெருவில் குழி தோண்டும்போது கேபிள் அறுந்துவிடுகிறது. ரிங் போகும் சத்தம் எக்ஸ்சேஞ்சில் உண்டாவது; மறுமுனை மணியின் சத்தம் இல்லை. அதனால் கம்பி அறுந்திருந்தாலும் கூப்பிடுகிறவர் காதில் ‘ட்ரிங்… ட்ரிங்’ என்று போய்க்கொண்டேதான் இருக்கும். (அறுபடாமல், தண்ணீர் இறங்கி இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டால் ‘எங்கேஜ்டு’ கேட்கும். அப்போது கதை வேறு; ‘அவர் வேறு யாரிடமோ பேசுகிறார்’ என்ற பொறாமைக் கதை.) ராஜமாணிக்கத்தின் வீட்டில் ரிசீவரை எடுத்தால் சத்தமே இல்லை. புகார் கொடுத்துவிட்டு லைன்மேனுக்காக நடையாய் நடக்கிறார். சிவகாமிக்கோ தினமும் பதினொரு மணிக்கு ரிங் போகிறது, எடுக்க ஆளில்லை. கோபமா, உடம்புக்கு ஏதாவதா, தனியாக இருக்கிற மனுஷன் கீழே விழுந்து கிடக்கிறாரா? யாரிடம் போய்க் கேட்பது? அவருடைய முழுப் பெயர்கூடத் தெரியாது. வீட்டில் ஏழு பேர் இருந்தும் இந்தக் கவலையைச் சொல்ல ஒருவர் இல்லை.

ஒன்பதாம் நாள் லைன் சரியாகி, பதினொரு மணிக்கு மணி அடித்து அவர் எடுக்கும்போது சிவகாமி அழக் கூடாது. கோபப்பட வேண்டும். “எழுதிக்குங்க சார்,” என்று தன் நம்பரைச் சொல்ல வேண்டும். நட்பு என்று ஒன்று இருப்பதை இருவரும் ஒப்புக்கொள்ளும் இடம் இதுதான். கதையில் எங்கேயும் அந்தச் சொல் வர வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட பேச்சு நிஜத்தில் தனிமையைக் குறைக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. கொரோனா காலத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டத்தில் இருந்த 240 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு நாலு வாரம் போன் வந்தது. பேசியவர்கள் மனநல மருத்துவர்கள் இல்லை. 17 முதல் 23 வயதுக்குட்பட்ட சாதாரண இளைஞர்கள், கொஞ்சம் பயிற்சி மட்டும் பெற்றவர்கள். முதல் ஐந்து நாள் தினமும் பேசினார்கள். அதற்குப் பிறகு வாரத்துக்கு எத்தனை தடவை என்பதை எதிர்முனையில் இருந்தவரே தீர்மானித்தார். நாலு வாரம் கழித்து அளந்தபோது போன் வந்தவர்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. 2021-ல் முடிவுகள் வெளியாயின. அந்த இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முக்கியமான விஷயம், பேச்சை எதிராளி விரும்பும் பக்கம் போகவிட்டு, அவர் சொன்னதிலிருந்தே அடுத்த கேள்வியைக் கேட்பது. நம் கணக்கர் சிலிண்டர் எத்தனை நாளில் வந்தது என்று கேட்டதும் அதுதான்.

இதிலிருந்து கதைக்காரர் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. நட்பு நீளுகிறது என்று காட்ட நீண்ட உரையாடல் தேவையில்லை. ராத்திரி முழுக்கப் பேசித் தீர்த்தார்கள் என்பது காதல் கதைக்குச் சரி. இங்கே பேச்சு தினம் பத்து நிமிடம், விஷயம் அற்பம், நாள் மட்டும் தவறாது. வருடங்கள் ஓடியதையும் ‘ஆண்டுகள் உருண்டோடின’ என்று எழுதாமல் போனைக் கொண்டே சொல்லிவிடலாம். 2000-களின் தொடக்கத்தில் லேண்ட்லைன் எண்களுக்கு முன்னால் 2 சேர்த்தார்கள். பேப்பரில் அதைப் படித்த அன்றே ராஜமாணிக்கம் சொல்கிறார்: “நாளையிலேருந்து முன்னாடி ஒரு ரெண்டு சுத்தணும்மா, மறந்துடாதீங்க.” இன்னும் சில வருடத்தில் சிலிண்டர் புக் பண்ணத் தானியங்கிக் குரலும் குறுஞ்செய்தியும் வந்துவிடுகின்றன. கேஸ் கேட்டுத் தவறி வரும் அழைப்புகள் அவருக்கு ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. கடைசியில் அந்த வீட்டுப் போனில் ஒரே ஒருவர்தான் கூப்பிடுகிறார், அவர் சரியான நம்பருக்குத்தான் கூப்பிடுகிறார்.

சந்திக்கவைக்கலாமா? இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மும்பையில் தவறிப் போகும் சாப்பாட்டு டப்பாவை வைத்து ரித்தேஷ் பத்ரா 2013-ல் எடுத்த ‘தி லஞ்ச்பாக்ஸ்’ படம் இந்தக் குடும்பத்துக் கதைதான். ஹோட்டலில் சந்திக்க நாள் குறிக்கிறார்கள்; அவன் வந்து தூர நின்று அவள் இளமையைப் பார்த்துவிட்டு அருகே போகாமல் திரும்பிவிடுகிறான். நிஜத்தில் இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 2016-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் வாண்டா டென்ச் என்ற பாட்டி, நன்றி கூறும் நாள் விருந்துக்குப் பேரனைக் கூப்பிட்டு அனுப்பிய குறுஞ்செய்தி ஜமால் ஹின்டன் என்ற பதினேழு வயதுப் பையனுக்குப் போய்விட்டது. பேரனின் பழைய எண்ணாம். நீங்கள் என் பாட்டி இல்லை, இருந்தாலும் ஒரு தட்டுச் சாப்பாடு கிடைக்குமா என்று பையன் கேட்க, பாட்டி வா என்றார். பையன் போனான், அடுத்தடுத்த வருடங்களிலும் போனான். 2020-ல் பாட்டியின் கணவர் கொரோனாவில் இறந்தபோதும் அந்த உறவு விடவில்லை. இங்கே இரண்டாவது அழைப்புக்கு வேலையே இல்லை, சாப்பாடு அந்த வேலையைச் செய்துவிட்டது. பாட்டி–பேரன் வயது வித்தியாசத்தில் ஊர் வாய்க்கும் வேலை இல்லை. ஆக, சந்திப்பா இல்லையா என்பதை இரண்டு பேரின் வயதும் இருக்கும் ஊரும்தான் முடிவு செய்யும். என் கட்சி, சிவகாமியும் ராஜமாணிக்கமும் கேஸ் ஏஜென்சி வரிசையில் ஒருவர் பின் ஒருவராக நிற்கட்டும், குரல் அடையாளம் தெரியட்டும், பேசாமலே போகட்டும். மறுநாள் பதினொரு மணிக்கு அதைப் பற்றிப் பேச நிறைய இருக்கும். ஒருவரைக் கொன்று முடிப்பது மட்டும் வேண்டாம். மகன் போனை எடுத்து ‘அப்பா போயிட்டாரு’ என்று சொல்லும் முடிவை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள்.

இதே கதையை இன்றைக்கு நடப்பதாக எழுதினால் வேறொரு சிக்கல். வாட்ஸ்அப்பில் முகம் தெரியாத எண்ணிலிருந்து, ‘ஹலோ, டாக்டர்தானே? நாளைக்கு அப்பாயின்ட்மென்ட் உண்டா?’ என்று வருகிறது. ராங் நம்பர் என்று பதில் போட்டால் மன்னிப்பு, பாராட்டு, ஒரு சிரிப்பு, ‘உங்களைச் சந்தித்தது விதி’ என்று ஒரு வரி. சில வாரத்தில் டிரேடிங், கிரிப்டோ, லாபம். கம்போடியாவிலும் மியான்மரிலும் மோசடி முகாம்கள் நடத்தி, வேலைக்கென்று ஏமாற்றிக் கூட்டிப்போன ஆட்களைக் கொண்டே இதைச் செய்கிறார்கள். தமிழ்நாட்டு இளைஞர்களும் அப்படிச் சிக்கி மீட்கப்பட்டிருக்கிறார்கள். இவர்கள் வலைவிரிப்பது தனியாக இருப்பவர்களுக்குத்தான்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. நிஜமாகவே தவறிக் கூப்பிட்டவருக்குக் கூச்சம். சீக்கிரம் வைத்துவிடத்தான் பார்ப்பார். இரண்டாவது அழைப்பு வந்தால் அது நாள் கழித்து, தயங்கித் தயங்கி வரும். மோசடிக்காரருக்கு அந்த இடைவெளி கட்டுப்படியாகாது. ராங் நம்பர் என்று சொன்ன மறு நிமிடமே அவர் அடுத்த செய்தியை அனுப்பியிருப்பார், உங்களைப் பற்றிக் கேட்டிருப்பார், டெலிகிராமுக்கு வரச் சொல்லியிருப்பார். வீடியோவில் முகம் காட்டச் சொன்னால் சாக்குகள் வரும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் பேச வேண்டும், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதிய வேண்டும்.

ஆகவே இன்றைய கதையின் நாயகர் முதலில் சந்தேகப்பட வேண்டும், எண்ணை பிளாக்கே செய்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் நட்பு முளைக்க ஒரு வழி இருக்கிறது. இந்தியாவில் துண்டிக்கப்பட்ட செல்போன் எண்ணை 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். செத்துப்போன தம்பியின் எண்ணுக்கு வருடாவருடம் அவன் பிறந்தநாளில் கூப்பிட்டு, ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்ற பதிவுக்குரலைக் கேட்டு வைத்துவிடுகிற அக்காவுக்கு ஒரு வருடம் ரிங் போகிறது. புது சிம் வாங்கிய, ஊருக்குப் புதிதான ஒரு பையன் எடுக்கிறான். அவள் ஒன்றும் பேசாமல் வைத்துவிடுகிறாள். அவனிடம் எண் இருக்கிறது. இது லேண்ட்லைன் காலம் இல்லை. இரண்டாவது அழைப்பை இந்தத் தடவை எடுத்தவன்தான் செய்ய வேண்டும். “அக்கா, நேத்து கூப்பிட்டீங்க, பேசல. யாருக்குப் பேசணும்?” என்று அவன் கேட்பான். அவனைத் திருடன் என்று நினைக்கும் அவளை நம்பவைக்க அவனிடம் என்ன இருக்கிறது என்பதை எழுதுகிறவர் கண்டுபிடிக்க வேண்டும்.